0.77 வந்த பிறகும் ஆறாவது கேள்வி தவறாகத்தான் இருந்தது

சிங்கப்பூரின் ஈசூனில் ஒரு சமூக மன்ற அறையில் மாதம் இரண்டு சனிக்கிழமை கூடும் பெற்றோர் குழுவில் நானும் இருக்கிறேன். பாலர் பள்ளியிலும் தொடக்கப்பள்ளியிலும் படிக்கும் பிள்ளைகளைக் கூட்டிக்கொண்டு வருவார்கள். கதை சொல்வோம், பாட்டுப் பாடுவோம், எல்லாம் தமிழில். வீட்டுக்குப் போன பிறகும் அந்தப் பேச்சு தொடர வேண்டும் என்பதுதான் எங்கள் ஆசை. 2010 மக்கள்தொகைக் கணக்கெடுப்பில், வீட்டில் அதிகம் பேசுவது ஆங்கிலம் என்று சொன்ன சிங்கப்பூர்வாசிகள் 32.3 விழுக்காடு. 2020இல் அது 48.3 விழுக்காடு ஆகிவிட்டது. எங்களிடம் வரும் வீடுகளிலும் அதே போக்குதான்.

குழுவைத் தொடங்கிய அக்கா ஒருநாள் கேட்டார்: "நாம பண்றதுனால பெத்தவங்க மனசு மாறுதான்னு எப்படித் தெரிஞ்சுக்கிறது தம்பி?"

வேலையில் தினமும் எண்களோடு புழங்குபவன் என்பதால் பொறுப்பு என்னிடம் வந்தது. வீட்டில் தமிழ் பேசுவதைப் பற்றிப் பெற்றோர் என்ன நினைக்கிறார்கள் என்பதை அளக்க எட்டுக் கூற்றுகள் எழுதினோம். ஒவ்வொன்றுக்கும் 1 முதல் 5 வரை மதிப்பெண். 1 என்றால் "முற்றிலும் ஒப்புக்கொள்ளவில்லை", 5 என்றால் "முற்றிலும் ஒப்புக்கொள்கிறேன்". எட்டையும் கூட்டினால் வருவது அந்தப் பெற்றோரின் மனப்பான்மை மதிப்பெண். முதல் தாளில் இருந்தவை இவை:

1. என் பிள்ளை தமிழில் பேசுவதைக் கேட்கும்போது எனக்கு மகிழ்ச்சியாக இருக்கிறது.
2. என் பிள்ளை தமிழில் பேசும்போது எனக்குப் பெருமையாக இருக்கிறது.
3. வீட்டில் தமிழ் பேசினால் பிள்ளையின் ஆங்கிலம் பின்தங்கிவிடும்.
4. தமிழ் பேசும் வீட்டில் வளர்வது பிள்ளைக்கு நல்லது.
5. நான் தமிழில் கேட்டதற்குப் பிள்ளை ஆங்கிலத்தில் பதில் சொன்னால் எனக்கு வருத்தமாக இருக்கும்.
6. வீட்டில் தமிழ் பேசாவிட்டாலும் பிள்ளைக்கு எந்த இழப்பும் இல்லை.
7. என் பேரப்பிள்ளைகளும் தமிழ் பேச வேண்டும் என்று விரும்புகிறேன்.
8. தமிழைப் பள்ளிக்கூடத்தோடு நிறுத்திக்கொண்டால் போதும்.

3, 6, 8 மூன்றும் வேண்டுமென்றே எதிர்த்திசையில் எழுதியவை. எல்லாக் கூற்றும் ஒரே பக்கம் சாய்ந்திருந்தால், படிக்காமலே வரிசையாக 5 போட்டுக்கொண்டு போகிறவரைக் கண்டுபிடிக்க முடியாது. தாளைத் தமிழிலும் ஆங்கிலத்திலும் அச்சடித்தோம். யாருக்கு எது வசதியோ அதை எடுத்துக்கொள்ளலாம்.

நான்கு வாரத்தில் 101 தாள்கள் வந்தன. பாதி சமூக மன்றத்தில் நிரப்பியவை, மீதி புளோக்குகளின் கீழ்த்தளத்தில் மேசை போட்டு வாங்கியவை. ஐந்து தாள்களில் எட்டுக் கூற்றுக்கும் ஒரே எண். 4-க்கும் 5 போட்டு 8-க்கும் 5 போட்டவர் இரண்டில் ஒன்றைப் படிக்கவில்லை என்றுதான் எடுத்துக்கொள்ள வேண்டும். அந்த ஐந்தையும் கணக்கு எதையும் போடுவதற்கு முன்பே விலக்கி, ஏன் விலக்கினேன் என்று எழுதி வைத்தேன். எண்ணைப் பார்த்துவிட்டு விலக்க ஆரம்பித்தால் நமக்குப் பிடித்த எண் வரும்வரை விலக்கிக்கொண்டே இருக்கத் தோன்றும். மிச்சம் 96 தாள்.

பெற்றோரின் மனம் மாறியதா என்று பார்ப்பதற்கு முன், இந்த எட்டும் ஒன்றோடொன்று சேர்ந்து போகின்றனவா என்று பார்க்க வேண்டும். இதைத்தான் உள்ளிசைவு என்கிறார்கள். ஒரே மனப்பான்மையைத்தான் எட்டும் தொடுகின்றன என்றால், ஒன்றுக்கு உயர்ந்த எண் போட்டவர் மற்றவற்றுக்கும் பெரும்பாலும் உயர்ந்த எண் போட்டிருக்க வேண்டும். இரண்டு கூற்றுகள் அப்படி எவ்வளவு சேர்ந்து ஏறி இறங்குகின்றன என்பதைச் சொல்லும் எண் ஒட்டுறவு. சேர்ந்தே போனால் 1, தொடர்பே இல்லையென்றால் 0, நேரெதிராகப் போனால் −1. எட்டுக் கூற்றில் 28 ஜோடிகள் உண்டு, ஆக 28 ஒட்டுறவுகள். அவற்றின் சராசரியையும் கூற்றுகளின் எண்ணிக்கையையும் ஒரே எண்ணாகச் சுருக்குவது ஆல்ஃபா. 1951இல் குரோன்பாக் எழுதிய கட்டுரையால் அவர் பெயரில் வழங்குகிறது. அதே கணக்கை 1945இல் குட்மன் வேறு பெயரில் கொடுத்திருந்தார்.

```
α = k × r̄ / (1 + (k − 1) × r̄)
```

k என்பது கூற்றுகளின் எண்ணிக்கை, r̄ என்பது ஒட்டுறவுகளின் சராசரி. மாறுபாட்டிலிருந்து கணக்கிடும் இன்னொரு வடிவமும் உண்டு, மென்பொருள் இரண்டையும் காட்டும். எங்கள் தாள்களில் இரண்டும் அதிகம் விலகவில்லை. கையால் சரிபார்க்க இது எளிது என்பதால் இந்தப் பதிவில் இதையே வைத்துக்கொள்கிறேன்.

தாள்களைப் புள்ளியியல் மென்பொருளான `R`-இல் ஏற்றி, `psych` என்ற தொகுப்பைக் கொண்டு முதல் ஓட்டம் ஓட்டினேன்.

```r
library(psych)
d <- read.csv("pathil.csv")   # k1 ... k8
round(cor(d), 2)
psych::alpha(d)
```

ஆல்ஃபா 0.40 வந்தது. இவ்வளவு குறைவாக வந்தால் கூற்றுகளே சரியில்லை என்று முடிவு கட்டுவதற்கு முன் ஒட்டுறவு அட்டவணையின் குறிகளைப் பார்க்க வேண்டும். 3, 8 இரண்டின் வரிசையிலும் 1, 2, 4, 5, 7-க்கு எதிரே எல்லாமே கழித்தல் குறி. ஆனால் 3-க்கும் 8-க்கும் இடையே +0.42. ஒரு கூட்டம் ஒரு பக்கமும் இன்னொரு கூட்டம் எதிர்ப்பக்கமும் நிற்கும் இந்தக் கோலம் வந்தாலே, எதிர்க்கூற்றுகளைத் திருப்பாமல் கணக்குப் போட்டிருக்கிறோம் என்று அர்த்தம். 28 ஒட்டுறவுகளையும் கூட்டினால் 2.16 வந்தது, சராசரி 0.077. கூட்டலும் கழித்தலும் ஒன்றையொன்று தின்றுவிட்டன.

திருப்புவது ஒரே வரி. 1 முதல் 5 வரையுள்ள அளவில் 6-லிருந்து கழித்தால் 5 என்பது 1 ஆகும், 4 என்பது 2 ஆகும், 3 அப்படியே நிற்கும்.

```r
neg <- c("k3", "k6", "k8")
d[neg] <- 6 - d[neg]
psych::alpha(d)
```

இதை ஒரு முறைதான் ஓட்ட வேண்டும். மறந்துபோய் இரண்டாம் தடவை ஓட்டினால் எல்லாம் பழைய நிலைக்கே திரும்பிவிடும், அந்த வரி எந்த எச்சரிக்கையும் தராது. இப்போதெல்லாம் திருப்பிய கூற்றை `k3r` என்று புதுப் பெயரில் சேமிக்கிறேன், மூலத்தைத் தொடுவதில்லை.

`check.keys = TRUE` என்று கொடுத்தால் மென்பொருளே பார்த்துத் திருப்பிவிடும். அதை நான் பயன்படுத்துவதில்லை. எந்தக் கூற்று எந்தத் திசையில் எழுதப்பட்டது என்பது எழுதிய நமக்குத் தெரியும், மென்பொருளுக்கு எண்கள் மட்டும்தான் தெரியும். மூல எண்களை வைத்து அப்படியும் ஓட்டிப் பார்த்தேன். 3-ஐயும் 8-ஐயும் திருப்பிய அது, 6-ஐத் திருப்பாமல் நேர்க்கூற்றாகவே எடுத்துக்கொண்டது. ஏதோ சரியில்லை என்பதற்கு அதுவே முதல் அடையாளம்.

நானே மூன்றையும் திருப்பிய பிறகு ஒட்டுறவுகளின் கூட்டுத்தொகை 8.20 ஆனது. சராசரி 0.293, ஆல்ஃபா 0.77.

0.70 இருந்தால் போதும் என்ற வழக்கம் எல்லா இடத்திலும் உண்டு. அது 1978இல் நன்னலி எழுதிய பாடநூலிலிருந்து பரவியது. ஆய்வின் தொடக்க நிலைக்குத்தான் அவர் அதைச் சொன்னார். தனி ஒருவரைப் பற்றி முடிவெடுக்க 0.90 கூடக் குறைந்தபட்சம்தான் என்றும் அதே இடத்தில் எழுதினார். ஆனால் 0.70 மட்டும்தான் ஊர் ஊராகப் போனது. 0.77 அதைத் தாண்டிவிட்டது, அக்காவிடம் "சரியாக இருக்கிறது" என்று சொல்லியிருக்கலாம்.

ஆல்ஃபாவுக்குக் கீழே இன்னொரு பட்டியலும் வரும். `r.drop` என்ற பத்தி, ஒரு கூற்று மற்ற ஏழின் கூட்டுத்தொகையோடு எவ்வளவு சேர்ந்து போகிறது என்று காட்டும். தன்னையே சேர்த்துக்கொள்ளாமல் கணக்கிடுவதால் இது நேர்மையான எண். ஏழு கூற்றுகளுக்கு அது 0.46 முதல் 0.63 வரை இருந்தது. ஆறாவதற்குப் பூச்சியம். சும்மா சிறிய எண் என்று சொல்லவில்லை, உண்மையிலேயே 0.00. அந்த வரிசையைத் தனியாக எடுத்துப் பார்த்தேன்:

```
      k1     k2     k3    k4     k5     k7     k8
k6  -0.05  -0.08  0.08  0.02  -0.04  -0.03  0.10
```

எட்டில் ஒன்று எதையுமே அளக்கவில்லை. அப்படியும் மொத்த எண் 0.77. ஆல்ஃபா சராசரியில் நிற்பது, மற்ற ஏழும் நன்றாக இருந்தால் ஒரு கெட்ட கூற்றை அவை சுமந்துகொண்டு போய்விடும்.

பட்டியலில் இன்னொரு பத்தி, இந்தக் கூற்றை நீக்கினால் ஆல்ஃபா எவ்வளவு ஆகும் என்று சொல்லும். ஆறாவதற்கு எதிரே 0.82. நீக்கிவிட்டு மேலே போ என்று அந்த எண் கூப்பிடுகிறது. நான் போகவில்லை. வீட்டில் தமிழ் இல்லாமல் போனால் பிள்ளை எதையாவது இழக்கிறதா என்பது எங்கள் கேள்வியின் நடுவில் இருக்கும் விஷயம். அதற்கு ஏன் பதில்கள் இப்படிச் சிதறின என்று தெரியாமல் நீக்கினால் எண் கூடும், தெரிந்துகொள்ள வேண்டியது போய்விடும்.

ஒரு கூற்றின் `r.drop` பூச்சியமாக இருக்க இரண்டு வழிகள் உண்டு. அது வேறு எதையோ பற்றிய கூற்றாக இருக்கலாம். அல்லது பாதிப்பேர் ஒரு மாதிரியும் மீதிப்பேர் தலைகீழாகவும் புரிந்துகொண்டிருக்கலாம். அப்போது இரண்டு கூட்டத்தின் பதிலும் ஒன்றையொன்று அழித்துப் பூச்சியமாகிவிடும். பார்க்க ஒரே மாதிரி இருக்கும் இந்த இரண்டையும் பிரித்தறிய, பதில் சொன்னவர்களை ஏதாவது ஒரு வகையில் பிரித்துப் பார்க்க வேண்டும். என்னிடம் கைவசம் இருந்தது தாளின் மொழி. தமிழ்த் தாள் 58, ஆங்கிலத் தாள் 38.

ஆங்கிலத் தாளில் ஆறாவதன் `r.drop` 0.38. மற்றக் கூற்றுகளைவிடச் சற்றுக் குறைவு, ஆனால் நல்ல கூற்றுதான். தமிழ்த் தாளில் −0.24. 58 பேர், 38 பேர் என்ற அளவில் எண்கள் தற்செயலாகவே கொஞ்சம் ஆடும் என்பது தெரியும். ஆனால் கூட்டலுக்கும் கழித்தலுக்கும் இடையே இவ்வளவு தூரத்தைத் தற்செயல் என்று விட மனம் வரவில்லை. தமிழ்த் தாளை எடுப்பவர்களின் மனப்பான்மையே வேறாக இருக்கலாமே என்ற சந்தேகமும் வந்தது. அப்படியானால் மற்ற எதிர்க்கூற்றுகளான 3-உம் 8-உம் அதே போல் கவிழ்ந்திருக்க வேண்டும். அவை இரண்டு தாளிலும் ஒரே மாதிரிதான் நடந்துகொண்டன. குற்றம் ஆறாவது கூற்றின் தமிழ் வாக்கியத்தில்.

இங்கே இனிமேல் கணக்கு உதவாது. அடுத்த சனிக்கிழமை தமிழ்த் தாளை நிரப்பிய ஆறு பேரிடம் உட்கார்ந்து, கூற்றை வாய்விட்டுப் படித்து, மனதில் ஓடுவதை அப்படியே சொல்லிக்கொண்டே பதில் போடச் சொன்னேன். பிள்ளைகளோடு எப்போதும் தமிழிலேயே பேசும் ஒரு அம்மா ஆறாவதுக்கு வந்ததும் நின்றுவிட்டார்.

"தமிழ் பேசாவிட்டாலும்... இழப்பு இல்லை. அது எப்படி இல்லாம இருக்கும், இழப்பு இருக்கத்தான் செய்யுது. அப்ப 5."

"இழப்பு இருக்குன்னு நினைக்கிறீங்க, அதனால 5-ஆ அக்கா?"

"ஆமா தம்பி. இழப்பு இருக்கு, முழுசா ஒத்துக்கிறேன்."

அவர் என்ன நினைக்கிறார் என்பதில் சந்தேகமே இல்லை. ஆனால் அவர் போட வேண்டியது 1. ஆறு பேரில் மூன்று பேர் இதே பாதையில் போனார்கள். இன்னொருவர் மூன்று முறை படித்துவிட்டு நடுவில் 3 போட்டார்.

வாக்கியத்தைப் பாருங்கள். "பேசாவிட்டாலும்" என்பதில் ஓர் எதிர்மறை. "இழப்பும் இல்லை" என்பதில் இன்னொன்று. இழப்பு என்ற சொல்லே ஓர் எதிர்மறைப் பொருளைச் சுமக்கிறது. இத்தனைக்கும் மறுப்புத் தெரிவிக்க வேண்டியவர் "ஒப்புக்கொள்ளவில்லை" என்ற நான்காவது எதிர்மறையைத் தேர்ந்தெடுக்க வேண்டும். தமிழில் எதிர்மறை பெரும்பாலும் வினையின் வாலில் உட்கார்ந்திருக்கும். "பேசினாலும்", "பேசாவிட்டாலும்" இரண்டும் ஒரே மாதிரித்தான் தொடங்குகின்றன. "ஒப்புக்கொள்கிறேன்", "ஒப்புக்கொள்ளவில்லை" என்பவையும் அப்படியே. மேசையருகே நின்றுகொண்டு, ஒரு கையில் பிள்ளையைப் பிடித்துக்கொண்டு படிப்பவரின் கண் சொல்லின் முன்பாதியோடு அடுத்ததற்குத் தாவிவிடும். ஆங்கிலத் தாளில் அதே கூற்று ஒரே ஒரு எதிர்மறையோடு சுருக்கமாக அமைந்திருந்தது. நாங்கள் ஆங்கிலத்தில் முதலில் எழுதி, பிறகு தமிழாக்கினோம். முறை அதுவாகிவிட்டதால் தமிழ் வாக்கியத்தை யாரும் தமிழாகப் படித்துப் பார்க்கவில்லை. அதில் எனக்கு மிகுந்த வருத்தம்.

3-உம் 8-உம் ஏன் பிழைத்தன என்றும் இப்போது புரிந்தது. அவையும் எதிர்க்கூற்றுகள்தான், ஆனால் அவற்றில் இலக்கண எதிர்மறை கிடையாது. "ஆங்கிலம் பின்தங்கிவிடும்", "நிறுத்திக்கொண்டால் போதும்" இரண்டும் நேரான வாக்கியங்கள், பொருள் மட்டும் எதிர்த்திசையில் போகிறது. தமிழில் எதிர்க்கூற்று எழுத இதுவே வழி என்று எனக்குப் படுகிறது. ஆறாவதை அதே பாணியில் மாற்றினோம்: "வீட்டில் ஆங்கிலம் மட்டும் பேசினாலே பிள்ளைக்குப் போதும்." பதில்களின் பெயரையும் "உடன்படுகிறேன்", "மறுக்கிறேன்" என்று மாற்றலாம் என அக்கா சொன்னார். நல்ல யோசனை. ஆனால் இரண்டையும் ஒன்றாக மாற்றினால் எது பலன் தந்தது என்று தெரியாமல் போய்விடும், அதனால் இந்தச் சுற்றில் கூற்றை மட்டும் மாற்றினோம்.

பழைய 96 தாளில் ஆறாவதை ஒதுக்கிவிட்டு மிச்ச ஏழைப் பார்த்தால் 0.82. அதிலும் ஒரு விஷயம் உறுத்தியது. 1-க்கும் 2-க்கும் இடையே ஒட்டுறவு 0.84. மற்ற ஜோடிகள் எதுவும் 0.47-ஐத் தாண்டவில்லை. பிள்ளை தமிழில் பேசினால் மகிழ்ச்சி, பிள்ளை தமிழில் பேசினால் பெருமை என்று இரண்டு தடவை கேட்டிருக்கிறோம். பதில் சொன்னவர்களுக்கு அது ஒரே கேள்வி.

ஒரே கேள்வியைச் சொல் மாற்றிக் கேட்பதுதான் ஆல்ஃபாவை ஏற்ற மிக எளிய வழி. ஒன்றோடொன்று 0.84 ஒட்டுறவுள்ள ஐந்து கூற்றுகளை மட்டும் வைத்தால் மேலே உள்ள சூத்திரத்தின்படி ஆல்ஃபா 0.96 வரும். பார்க்க அற்புதமான அளவுகோல், ஆனால் அது ஒரே ஒரு கேள்வியை ஐந்து முறை கேட்கிறது. எங்களிடம் இருந்தது ஒரு ஜோடிதான் என்றாலும், கூட்டும்போது மகிழ்ச்சிக்கு மட்டும் இரட்டை எடை போகிறது. பேரப்பிள்ளை வரை தமிழ் போக வேண்டும் என்ற விருப்பமும் ஆங்கிலம் கெடுமோ என்ற பயமும் ஒற்றை எடையோடு நிற்கின்றன. அதனால் 2-ஐ எடுத்துவிட்டேன்.

ஆறு கூற்றுகள், 15 ஜோடிகள், சராசரி 0.368. ஆல்ஃபா 0.82-இலிருந்து 0.78-க்கு இறங்கியது. கூற்று ஒன்று குறைந்தாலே ஆல்ஃபா இறங்கும். சராசரி ஒட்டுறவு மாறாமல் ஏழு ஆறாகியிருந்தால்கூட 0.79-தான் வந்திருக்கும். ஆக, உண்மையில் போனது நூறில் ஒரு பங்குதான். அக்கா முதலில் ஏற்கவில்லை. "நல்லா இருந்த நம்பரை ஏன் தம்பி குறைச்சீங்க?" என்றார். தாளை எடுத்து 1-ஐயும் 2-ஐயும் அடுத்தடுத்துப் படித்துக் காட்டினேன். "ஆமா, ரெண்டும் ஒண்ணுதான்" என்று ஒத்துக்கொண்டார்.

ஆல்ஃபா எதைச் சொல்லாது என்பதையும் அவருக்கு ஒரு தாளில் எழுதிக் காட்டினேன். ஆறு கூற்றுகள் இருப்பதாக வைத்துக்கொள்வோம். முதல் மூன்று தமிழைப் பற்றி, தங்களுக்குள் 0.70 ஒட்டுறவு. அடுத்த மூன்று சமையலைப் பற்றி, அவையும் தங்களுக்குள் 0.70. தமிழுக்கும் சமையலுக்கும் தொடர்பு பூச்சியம். 15 ஜோடிகளில் ஆறு ஜோடி 0.70, ஒன்பது ஜோடி 0. சராசரி 0.28. சூத்திரத்தில் போட்டால் 1.68 வகுத்தல் 2.4, விடை சரியாக 0.70. ஒன்றோடொன்று சம்பந்தமே இல்லாத இரண்டு விஷயங்களைக் கலந்துவிட்டும் வழக்கமான எல்லையைத் தொட்டுவிடலாம். அளப்பது ஒரே விஷயம்தானா என்பதை ஆல்ஃபாவால் சொல்ல முடியாது. ஒட்டுறவு அட்டவணையில் தனித்தனிக் கூட்டங்கள் தெரிகின்றனவா என்று கண்ணால் பார்க்க வேண்டும், அல்லது சேர்ந்து போகும் கூற்றுகளைக் கூட்டம் கூட்டமாகப் பிரித்துக் காட்டும் காரணிப் பகுப்பாய்வு செய்ய வேண்டும்.

எங்கள் ஆறில் அப்படிப் பிளவு தெரியவில்லை. 3-க்கும் 8-க்கும் இடையே 0.42. மற்றவற்றோடு அவற்றுக்கு இருந்தது 0.27 முதல் 0.41 வரை. எதிர்த்திசையில் எழுதிய கூற்றுகள் தங்களுக்குள் கொஞ்சம் கூடுதலாக ஒட்டிக்கொள்வது வழக்கம், இது கவலைப்படும் அளவில் இல்லை. ஒமேகாவையும் கணக்கிட்டேன். எல்லாக் கூற்றும் அந்த மனப்பான்மையைச் சம அளவில் காட்டுகின்றன என்று ஆல்ஃபா எடுத்துக்கொள்கிறது. ஒமேகா ஒவ்வொன்றுக்கும் தனி எடை கொடுத்துக் கணக்கிடும்.

```r
d6 <- d[c("k1","k3","k4","k5","k7","k8")]
omega(d6, nfactors = 1)
```

இதுவும் 0.78. ஒட்டுறவுகள் ஏறக்குறைய ஒரே அளவில் இருக்கும்போது இரண்டும் இப்படி நெருங்கித்தான் வரும். வெகுவாக விலகியிருந்தால் கூற்றுகளுக்கிடையே ஏற்றத்தாழ்வு அதிகம் என்று பொருள், அப்போது ஒமேகாவை நம்புவேன்.

96 பேரை வைத்து வந்த 0.78-ஐ 0.78 என்றே எழுதிவிடக் கூடாது. 95 விழுக்காட்டு இடைவெளி ஏறத்தாழ 0.70 முதல் 0.84 வரை. வேறு 96 பேரைக் கேட்டிருந்தால் இதில் எங்கு வேண்டுமானாலும் விழுந்திருக்கலாம். நீக்கினால் இரண்டு புள்ளி கூடும், சேர்த்தால் ஒரு புள்ளி குறையும் என்று கூற்றுகளை மாற்றி மாற்றிப் பார்ப்பது இந்த அளவுத் தாளில் வீண் வேலை. அந்த ஏற்ற இறக்கம் எல்லாம் இடைவெளிக்குள்ளேயே அடங்கிவிடும். தன் கையில் உள்ள தாளுக்கேற்ப வெட்டிச் சீராக்கிய அளவுகோல் அடுத்த கூட்டத்தில் அதே எண்ணைத் தராது என்பதால், மாற்றிய தாளைப் புதியவர்களிடம் கொடுத்தே ஆக வேண்டும்.

கொடுத்தோம். முதல் சுற்றில் வராத 88 பேர், தமிழ்த் தாள் 52, ஆங்கிலத் தாள் 36. இரண்டாம் கூற்று இல்லை, ஆறாவது புது வாக்கியம், மொத்தம் ஏழு. ஆல்ஃபா 0.80, இடைவெளி 0.72 முதல் 0.86 வரை. நான் முதலில் தேடியது அந்த எண்ணை அல்ல, ஆறாவதன் `r.drop` எண்ணை. தமிழ்த் தாளில் 0.43, ஆங்கிலத் தாளில் 0.41. அக்காவுக்கு உடனே செய்தி அனுப்பினேன்.

அவர் கேட்ட முதல் கேள்விக்கு இன்னும் பதில் வரவில்லை. ஒரே நாளில் ஏழு பதில்களும் ஒன்றோடொன்று சேர்ந்து போகின்றன என்பது மட்டும்தான் இப்போது தெரியும். எதுவும் மாறாத பெற்றோர் மூன்று வாரம் கழித்து அதே மதிப்பெண்ணைத் தருவார்களா என்பதை உள்ளிசைவு எண்கள் எதுவும் சொல்லாது. அது தெரியாமல் முன்னுக்கும் பின்னுக்கும் உள்ள வேறுபாட்டைக் குழுவின் பலன் என்று எழுத முடியாது. குழுவுக்கு வராத 30 பெற்றோரிடம் இதே தாளை இரண்டு முறை நிரப்பித் தரக் கேட்டிருக்கிறோம். முதல் தாள்கள் வந்துவிட்டன. அவற்றை இன்னும் கணினியில் ஏற்றவில்லை, உறையில் போட்டு அக்கா வீட்டு அலமாரியில் வைத்திருக்கிறோம். இரண்டாம் தாளை நிரப்பும்போது முதல் தாளை யாரும், நாங்களும்கூட, பார்க்கக் கூடாது என்பதற்காக.